உயரம் திருத்துக

மூன்றாவது விடைத்தாளைப் புரட்டும்போதே சுவர்ச்சலாவுக்குத் தெரிந்துவிட்டது, இது தன் வகுப்புப் பிள்ளைகளின் கட்டு என்று.

பதிவெண் கிழிக்கப்பட்டிருந்தது. முகப்பில் இருந்தது ரகசிய எண் மட்டும்தான். கல்லூரிகளைக் கலந்துபோட்டுத்தான் கட்டு கட்ட வேண்டும் என்பது விதி. அந்த வேலையை யாரோ சோம்பலில் விட்டிருக்கிறார்கள். கையெழுத்தும் அவளுக்குப் பழக்கமில்லை. மாலை வகுப்பில் யார் கையெழுத்தை யார் பார்க்கிறார்கள்? காட்டிக்கொடுத்தவை ஆங்கிலத்தில் இருந்த இரண்டே இரண்டு சொற்கள். கணக்கின் கடைசி வரிக்கு முன்னால், அடிக்கோடிட்டு, 'உயரம் திருத்துக' என்ற பொருளில் எழுதியிருந்தது. அந்தச் சொற்கள் எந்தப் பாடநூலிலும் கிடையாது. போன ஆடியில், மின்சாரம் போன ஒரு சாயங்காலம், கைபேசி வெளிச்சத்தில் கரும்பலகையில் அவள்தான் எழுதினாள்.

உடனே எழுந்து சொல்லியிருக்க வேண்டும். 'சார், இது எங்க காலேஜ் கட்டு, வேறே மேஜைக்கு மாத்திடுங்க' என்று சொல்ல ஒரு மூச்சு போதும். சொல்லவில்லை. நான்காவது தாளைப் புரட்டினாள். பிள்ளைகள் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்கும் ஆசை. அல்லது தான் சொல்லிக்கொடுத்தது சரிதானா என்று பார்க்கும் பயம். இரண்டில் எது என்று அவளுக்கே தெளிவாகத் தெரியவில்லை.

காக்கிநாடாவில் விடைத்தாள் திருத்தும் 'ஸ்பாட்' முகாமில் கணிதத்துக்கு ஒதுக்கிய கூடம் அது. மேஜைக்கு ஆறு பேர். மேஜைக்கு ஒரு மறுபார்வையாளர். எல்லாருக்கும் மேலே முதன்மைத் தேர்வாளர் தாமோதரம். ஐம்பத்தைந்து வயது; வெள்ளைச் சட்டை, பையில் மூன்று சிவப்புப் பேனா. திருத்தி முடித்த கட்டிலிருந்து ஒரு தாளைச் சும்மா உருவுவார். அவர் உருவும்போது கூடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும்.

சுவர்ச்சலாவை அவருக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. "எந்தக் காலேஜும்மா?" என்றார். சொன்னாள். "ஓ, சாயங்கால டிகிரி. பகல்ல உரக் கம்பெனி, ராத்திரில எஞ்சினியர். அங்க பாடம் நடத்துறதுக்குக்கூட ஆள் வெச்சிருக்காங்களா?" பக்கத்து மேஜை சிரித்தது. அவளும் ஒப்புக்குச் சிரித்துவைத்தாள். அன்றிரவு படுக்கையில் அந்தச் சிரிப்புத்தான் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

இன்று மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் அவர் அவள் கட்டிலிருந்து ஒரு தாளை உருவினார்.

கேள்வி எல்லாருக்கும் மனப்பாடம். பூஜ்யத்துக்கு முன்னும் பின்னுமாக, அதாவது −2 முதல் 2 வரை, f(x) = x; பிறகு நான்குக்கு ஒருமுறை அதே உருவம் திரும்பத் திரும்ப வரும். அதன் ஃபூரியர் தொடரைக் காண்க. ஏழு மதிப்பெண். தாமோதரம் எழுதிய விடைக்குறிப்பு நேர்வழியில் போகும்: அரைக்காலம் L, அதாவது திரும்பவரும் நீளத்தில் பாதி, 2, சூத்திரத்தில் போடு, தொகையிடு, பகுதி பகுதியாகப் பிரி, விடை. தொகையீட்டுக்கு மட்டும் நான்கு மதிப்பெண்.

அவர் உருவிய தாளில் தொகையீடே இல்லை. நான்கு வரிதான். −π முதல் π வரை t என்பதன் தொடர் தெரிந்தது: 2 பெருக்கல் (சைன் t, கழித்தல் சைன் 2t-யில் பாதி, கூட்டல் சைன் 3t-யில் மூன்றில் ஒன்று…). அடுத்த வரி: t-க்குப் பதில் πx/2 போடு. அடுத்து, 'உயரம் திருத்துக'. கடைசியில் இருபுறமும் 2/π-ஆல் பெருக்கி, வெளியே 4/π நிற்கும் விடை. பக்கத்தில் சுவர்ச்சலா ஏழு போட்டிருந்தாள்.

"ஏழா?" என்றார் தாமோதரம். சத்தமாகச் சொல்லவில்லை. சத்தமில்லாததுதான் மோசம். "இண்டக்ரல் எங்கம்மா?"

"வேற வழி சார். தெரிஞ்ச தொடரை நீட்டிச் சுருக்கி…"

"நீட்டி! ரத்னம் காரு, இங்க வாங்க. இந்தப் பொண்ணு ஃபூரியர் தொடரை ரப்பர் பேண்டு மாதிரி நீட்டுறா." மறுபார்வையாளர் வெங்கடரத்னம் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். மேஜையில் மற்றவர்களும் பேனாவை வைத்தார்கள். வேடிக்கைக்கு யார்தான் வரமாட்டார்கள்?

சுவர்ச்சலாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. பயம் வந்தால் வரிசைப்படி பேசத் தொடங்கிவிடுவாள். "சார், உங்க விடைக்குறிப்புல இருக்கிற சூத்திரமே இப்படித்தான் வருது. π நீளத்துக்கு எழுதின சூத்திரத்துல t-க்கு πx/L போட்டா, dt-க்கு π/L dx. முன்னால இருக்கிற 1/π-யோட அது சேர்ந்தா 1/L. எல்லை −L, L ஆகுது. நீங்க தொகையீட்டுக்கு முன்னாடி மாத்துறீங்க. இவங்க தொகையிட்டு முடிச்சதுக்கு அப்புறம் மாத்துறாங்க. அவ்வளவுதான்."

"எனக்கே பாடம் எடுக்கிறியா?"

"இல்ல சார்."

"எடு எடு. நீட்டினா கெழுக்கள் மாறக்கூடாதே? அலையை அகலமா இழுத்தா உயரம் அப்படியே இருக்கணும். அப்புறம் எதுக்கு இந்தப் பிள்ளை 2/π-ஆல பெருக்குது? அதென்ன, 'உயரம் திருத்துக'? எந்தப் புத்தகத்துல இருக்கு?"

கேள்வி சரியானதுதான். வகுப்பில் அவளே அந்த இடத்தில்தான் தடுமாறியிருக்கிறாள். "சதுர அலைன்னா நீங்க சொல்றது சரி சார். உயரம் ஒண்ணுன்னா, இழுத்தாலும் ஒண்ணுதான். கெழு மாறாது. ஆனா இது x. π நீளத்துல இருக்கிற சாய்கோடு π உயரம் வரைக்கும் போகும். அதைச் சுருக்கி 2-க்குள்ள அடைச்சாலும் உயரம் π-யாவேதான் நிக்கும். நமக்கு வேண்டிய கோடு 2 உயரம்தான். அதனால 2/π."

வெங்கடரத்னம் தலையை ஆட்டினார். பிறகு தாமோதரத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு ஆட்டுவதை நிறுத்திக்கொண்டார்.

தாமோதரம் கட்டை அவள் முன்னாலிருந்து இழுத்து, அடுத்த தாளை எடுத்தார். அதற்கடுத்ததை. அதற்கும் அடுத்ததை. அதே நான்கு வரி. அதே அடிக்கோடு. அதே இரண்டு சொல். ஒவ்வொன்றாக மேஜைமேல் போட்டுக்கொண்டே போனார், சீட்டுக்கட்டு போடுவதுபோல.

"இப்ப புரியுது," என்றார். "ஒரு புத்தகத்துலயும் இல்லாத வார்த்தை இத்தனை தாள்ல எப்படி வரும்? ஜன்னல் வழியா ஒருத்தன் சொல்லியிருக்கான், உள்ள மொத்தப் பேரும் எழுதியிருக்கானுங்க. இது காப்பி. முழு ஹாலும் காப்பி." சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினார். "கட்டு மேலயே எழுதி அனுப்புறேன். எல்லார் ரிசல்ட்டையும் நிறுத்தி வைக்கட்டும். விசாரணை வரட்டும்."

விசாரணை என்றால் என்ன என்று சுவர்ச்சலாவுக்குத் தெரியும். ரிசல்ட் நின்றால் வருடக்கணக்கில் நிற்கும். கடைசி வருடப் பிள்ளைகள் பாதிப் பேர் துறைமுகத்திலும் உரத் தொழிற்சாலையிலும் ஷிப்டு பார்க்கிறவர்கள். இந்த ஒரு பட்டத்துக்காகத் தூக்கத்தை விற்றவர்கள். அவர்கள் ஒருவரும் காப்பியடிக்கவில்லை. நான்கு வரியையும் சொல்லிக்கொடுத்தவள் இங்கே வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறாள்.

ஆனால் சொன்னால்? சொந்தப் பிள்ளைகளின் தாள் என்று தெரிந்தும் திருத்தியவள் என்று ஆகும். ஒப்பந்த ஆசிரியை. ஜூனில் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும்.

'முதலில் இன்னொரு வழி பார்ப்போம்' என்று நினைத்தாள்.

"சார், காப்பின்னா தப்பும் ஒண்ணாத்தானே இருக்கும்? எழுதுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்." தாள்களை எடுத்து மேஜையில் பிரித்து வைக்கத் தொடங்கினாள். சரியானவை ஒரு குவியல். "இது பாருங்க, இருபுறமும் பெருக்கவே மறந்துட்டான். வெளியே 2 நிக்குது. இது தலைகீழா π/2-ஆல பெருக்கியிருக்கு. இது t-க்கு πx/4 போட்டிருக்கு. கேள்வியில இருக்கிற நாலையே அரைக்காலம்னு எடுத்துக்கிட்டான். ஜன்னல்ல ஒருத்தன் சொல்லியிருந்தா எல்லாருக்கும் ஒரே மாதிரி கேட்டிருக்கணுமே சார். இவங்க தெரிஞ்சதை வெச்சு அவங்கவங்களா தடுமாறியிருக்காங்க."

நான்கு குவியலும் அவள் கண்ணெதிரே கிடந்தன. பிள்ளைகளைக் காப்பாற்ற அவர்களின் தப்பைத்தான் கடைவிரிக்க வேண்டியிருந்தது. தப்புக் குவியல்களில் யார் யார் என்று தெரியாதது ஒருவகையில் நல்லதாகப் போயிற்று.

"ரொம்ப கெட்டிக்காரி," என்றார் தாமோதரம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "தப்பு எதுன்னு எப்படிக் கண்டுபிடிச்சே? என் விடைக்குறிப்பைப் பார்த்தா?"

"x = 1 போட்டுப் பார்த்தேன் சார். சரியான தொடர் 1 தரணும். அடைப்புக்குள்ள ஒண்ணு, கழித்தல் மூணுல ஒண்ணு, கூட்டல் அஞ்சுல ஒண்ணு… அது π/4. வெளியே 4/π இருந்தா 1. வெறும் 2 இருந்தா ஒண்ணரைக்கு மேல போயிடும். தலைகீழா பெருக்கினது ரெண்டரை கிட்ட."

"சபாஷ்." அவர் நான்காவது குவியலிலிருந்து மேலே இருந்த தாளை எடுத்தார். t-க்கு πx/4 போட்ட தாள். வெளியே 8/π. "இதுக்கு x = 1 போடு."

அவள் மனதுக்குள் போட்டாள்.

"என்ன வருது?"

"ஒண்ணு."

"சத்தமா."

"ஒண்ணு வருது சார்."

"−4 முதல் 4 வரைக்கும் x-க்கு இதுதான் தொடர். ஒண்ணு அதுக்குள்ள இருக்கு. வரத்தானே செய்யும்?" அவர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். "உன் சோதனையில பாஸ் ஆயிடுச்சு. அப்ப ஏழு போடு. ஏன் பூஜ்யம் போட்டே? உன் பிள்ளை இல்லையா இது?"

கடைசி வாக்கியம் தற்செயலாக வந்ததா, தெரிந்து வந்ததா? அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. பின்னாலிருந்து யாரோ, "பாவம்டா, மாட்டிக்கிச்சு," என்றார். வேறு யாரோ, "லஞ்ச் போகுது, சீக்கிரம் அழுதுட்டா நல்லாயிருக்கும்," என்றார்.

அவள் அழவில்லை. தாளையே பார்த்தாள். πx/4 என்று பார்த்த உடனே கண்ணால் பூஜ்யம் போட்டவள்தான். ஏன் என்று தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. தப்புத்தான். இப்போது கேட்டுக்கொண்டாள். 1-இல் சரி. 0-இல் சரி. 2-க்குள் எங்கே போட்டாலும் சரி. அப்படியானால் தப்பு 2-க்கு வெளியேதான் இருக்க வேண்டும்.

"மூணு," என்றாள்.

"என்ன மூணு?"

"x = 3 போடுங்க சார். கேள்வியில நாலுக்கு ஒருதரம் திரும்புதுன்னு இருக்கு. அப்ப 3-ல இருக்கிறது −1-ல இருக்கிறதேதான். விடை −1 வரணும். இந்தத் தொடர் 3 தரும். இது எட்டுக்கு ஒருதரம்தான் திரும்பும். நடுவுல கோடு சரி. ஆனா காலம் இரட்டிப்பு. கேள்வி கேட்டதே காலத்தைப் பத்தித்தான். அதனால பூஜ்யம்." மூச்சு வாங்கினாள். "போடும்போது இதை நான் யோசிக்கல. இப்ப யோசிச்சேன்."

வெங்கடரத்னம் கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார். தன் பக்கத்திலிருந்த முடித்த கட்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "சார்… 8/π வந்த தாளுக்கு நம்ம மேஜையில ரெண்டு மூணு பேர் முழுசா போட்டிருக்காங்க," என்றார். "கோடு சரியா வந்துச்சேன்னு."

தாமோதரம் அவரைப் பார்த்த பார்வையில் மனிதர் இன்னும் ஒரு சாண் குறைந்தார்.

"அது அப்புறம்," என்றார் தாமோதரம். சுவர்ச்சலா பக்கம் திரும்பினார். "கணக்கு வருது உனக்கு. ஒத்துக்கிறேன். ஆனா என் கேள்விக்குப் பதில் வரல. தப்பு மூணு விதமா இருக்கட்டும், வார்த்தை ஒண்ணுதானே? உயரம் திருத்துக. இத்தனை தாள்ல. எங்கிருந்து வந்துச்சு?" பேனா கட்டின் முகப்பை நோக்கி இறங்கியது.

"என்கிட்டருந்து."

இறங்கிய பேனா பாதியில் நின்றது.

"நான்தான் சார் சொல்லிக்கொடுத்தேன். அது என் வார்த்தை. இவங்க எங்க மாலை வகுப்புப் பிள்ளைங்க. மூணாவது தாள்லயே எனக்குத் தெரிஞ்சிடுச்சு. சொல்லியிருக்கணும். சொல்லல."

"தெரிஞ்சே திருத்தினே."

"ஆமா சார்."

"தெரிஞ்சே ஏழு போட்டே."

"பூஜ்யமும் போட்டேன் சார்."

யாரோ சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டார்கள். தாமோதரத்தின் காதோரம் சிவந்தது. "முகாம் அதிகாரியைக் கூப்பிடுங்க," என்றார்.

முகாம் அதிகாரி விஜயசாரதி புளியோதரைப் பொட்டலத்தைப் பாதியில் விட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். எல்லாவற்றையும் கேட்டார். அவருக்குக் கணக்கில் அக்கறை இல்லை. கட்டைக் கலக்காமல் அனுப்பியது தன் அலுவலகம் என்பது மட்டும் அவருக்கு உடனே உறைத்தது.

"காப்பின்னு எழுதினா விசாரணைக் கமிட்டி வரும்," என்றார் மெதுவாக. "கட்டு ஏன் கலக்கலன்னு முதல்ல என்னைக் கேட்பாங்க. அப்புறம் விடைக்குறிப்புல மாற்று வழி ஏன் இல்லைன்னு உங்களைக் கேட்பாங்க தாமோதரம் காரு. வேணுமா?"

தாமோதரம் பேனாவை மூடவும் இல்லை, எழுதவும் இல்லை.

"இந்தப் பொண்ணு இனி இந்த முகாம்ல இருக்கக் கூடாது," என்றார் கடைசியில். "இந்த வருஷம் மட்டுமில்ல. கூப்பிடவே கூடாது. அவ காலேஜுக்கும் எழுதிப் போடுங்க."

"எழுதிடலாம்."

"கட்டு வேற மேஜைக்குப் போகட்டும்."

"போகட்டும்."

"வேற மேஜையில தொகையீடு இல்லேன்னு எல்லாருக்கும் பூஜ்யம் போடுவாங்க சார்," என்றாள் சுவர்ச்சலா. தன் குரல் இவ்வளவு தட்டையாக வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. "விடைக்குறிப்புல எழுதிக் கொடுங்க. இல்லேன்னா நான் கமிட்டிக்கே போறேன். எனக்கு இனி போறதுக்கு என்ன இருக்கு?"

"மிரட்டுறியா?"

"கேட்கிறேன் சார்."

அவர் அவளைப் பார்த்தார். வெறுப்புத்தான், அதில் ஒளிவு மறைவு எதுவும் இல்லை. பிறகு விடைக்குறிப்பை இழுத்து, கீழே சிவப்பில் எழுதினார். எழுதியதை வாய்விட்டும் படித்தார். "மாற்று வழி: தெரிந்த தொடரில் மாறியை மாற்றி விடை கண்டால், இறுதி விடை முழுவதும் சரியாக இருந்தால் மட்டும் ஏழு. விடையில் எந்தப் பிழை இருந்தாலும் பூஜ்யம். படிநிலை மதிப்பெண் கிடையாது." நிமிர்ந்தார். "போதுமா? ரப்பர் பேண்டை ஒழுங்கா இழுத்தவனுக்கு ஏழு. கை நழுவினவனுக்கு ஒண்ணுமில்ல. என் வழியில தப்பு செஞ்சிருந்தா மூணு மார்க்காவது கிடைச்சிருக்கும். உன் வழியில போனான், அனுபவிக்கட்டும்."

அவளுக்குத் தப்புக் குவியல்கள் மூன்றும் கண்ணில் பட்டன. பெருக்க மறந்தவன் முக்கால்வாசி சரியாகத்தான் செய்திருந்தான். அவனுக்கு மூன்றோ நான்கோ கேட்கலாம். கேட்டால் அவர் முழுவதையும் அடித்துவிடுவார். யாருக்கு இந்த மூன்று மதிப்பெண்ணில் தேர்ச்சி போகிறதோ? கேட்கலாமா வேண்டாமா என்று வாயைத் திறந்தாள்.

"சரி சார்," என்றாள்.

அடையாள அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தாள். விஜயசாரதி ஒரு தாளை நீட்டினார். படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள். பிறகு, 'படித்திருக்கலாமே' என்று தோன்றியது. அதற்குள் அவர் மடித்துவிட்டார்.

அவள் பையை எடுக்கும்போதே தாமோதரம் எழுந்து நின்று கூடம் முழுக்கக் கேட்கும்படி அறிவித்தார். "எல்லா மேஜைக்கும் சொல்றேன். இந்தக் கேள்வி இருக்கிற, முடிச்ச கட்டையெல்லாம் திரும்பப் பிரிங்க. மாற்று வழிக்குப் புதுக் குறிப்பு வந்திருக்கு. 8/π போட்ட தாளுக்கெல்லாம் யார் யார் மதிப்பெண் போட்டீங்களோ, அதையும் சரிபண்ணுங்க. சாப்பாடு அப்புறம்."

கூடம் முழுக்க ஒரு முனகல் எழுந்தது. அரக்கு வைத்துக் கட்டியிருந்த நூல்கள் அறுக்கப்படும் சத்தம். நாற்காலிகள் கிறீச்சிட்டன. மேஜைகளுக்கு நடுவே அவள் நடந்தபோது யாரும் கால்களை ஒதுக்கவில்லை. சிலவற்றைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது.

"வந்ததும் வந்தா, எங்க தலையில கல்லைப் போட்டுட்டுப் போறா."

"உயரம் திருத்துறாளாம். எங்க வயித்தை யார் திருத்துறது?"

"சும்மா கிட ராஜு. இந்தா, இந்தத் தாளுக்கு நான் ஏழு போட்டிருக்கேன். சரியா தப்பா?"

"மூணு போட்டுப் பாருடா."

"மூணு மார்க்கா?"

"மார்க் இல்லடா மடையா. x-க்கு மூணு."

அதற்குள் அவள் கதவைத் தாண்டிவிட்டாள்.